நிதி குறைந்ததை ஊழியர்களுக்கு எழுதுவது: வன்னியில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நன்கொடையாளரின் கடிதம் வந்து இரண்டு நாளுக்குள் செய்தி பளையிலிருந்து பூநகரி வரை போய்விடும். சாரதிக்கு ஒரு கதை போகும், கணக்காளருக்கு இன்னொன்று. களத்தில் நிற்கும் சமூக ஊக்குவிப்பாளரிடம் சங்கத் தலைவியே "தம்பி, உங்கட ஒபிஸ் மூடப்போகுதாமே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஊழியர்களுக்கான சுற்றறிக்கை எழுதப்படுகிறது. எவ்வளவு குறைந்தது, எது தொடரும், எது நிற்கும், என் வேலை என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் அது விடை சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு போவோம். கிளிநொச்சியில் அலுவலகம், 16 ஊழியர்கள், கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் வேலை. ஆண்டுப் பாதீடு 360 இலட்சம் ரூபா, மாதம் 30 இலட்சம். ஓகஸ்ட் கடைசியில் நன்கொடையாளர் இந்த ஆண்டின் தொகையில் 15 வீதத்தைக் குறைக்கிறார். தொகைகள் எல்லாம் கற்பனை. உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் சரியான வீதத்தைக் கண்டுபிடியுங்கள்

மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. கடிதத்தில் 15 வீதம் என்று இருப்பதால் சுற்றறிக்கையிலும் 15 வீதம் என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் நூறு ரூபாயில் பதினைந்து ரூபா போகிறது, சமாளிக்கலாம் என்று நினைப்பார். பிறகு பத்துச் செயற்பாட்டில் ஏழு நிற்பதைப் பார்க்கும்போது, நிர்வாகம் இதைச் சாட்டாக வைத்து வேறு எதையோ செய்கிறது என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைப் பின்னர் எந்தக் கூட்டத்திலும் போக்க முடியாது.

360 இலட்சத்தின் 15 வீதம் 54 இலட்சம். ஓகஸ்ட் முடிவில் எட்டு மாதச் செலவாக 240 இலட்சம் போய்விட்டது. மிச்சமிருந்தது 120 இலட்சம். அதில் 54 போனால் 66. அதாவது, மிஞ்சிய நான்கு மாதங்களுக்கும் இந்த வெட்டு 45 வீதம். மாதம் 30 இலட்சம் இருந்த இடத்தில் 16.5 இலட்சம்.

அதோடும் முடியவில்லை. சம்பளமும் அதனோடு சேர்ந்த பங்களிப்புகளும் மாதம் 10 இலட்சம் என்றால் நான்கு மாதத்துக்கு 40. வாடகை, மின்சாரம், வாகனம் மாதம் 3 இலட்சம் என்றால் 12. இரண்டாவது வாடகை வானை நிறுத்தினால் அது 10 ஆகும். 66 இலட்சத்தில் இந்த 50 இலட்சம் போக, கிராமங்களில் செலவழிக்க மிஞ்சுவது 16 இலட்சம். முதலில் அதற்கென்று 68 இலட்சம் ஒதுக்கப்பட்டிருந்தது. கடிதத்தில் 15 வீதமாக வந்தது களத்துக்குப் போய்ச் சேரும்போது நான்கில் ஒரு பங்கு கூட மிஞ்சாத நிலை ஆகிவிடுகிறது.

இந்த மூன்று எண்களையும் (15 வீதம், 45 வீதம், 68 இலிருந்து 16) சுற்றறிக்கையில் அதே வரிசையில் எழுதுங்கள். அட்டவணை தேவையில்லை, மூன்று வசனம் போதும். கள உத்தியோகத்தர் தனக்குத் தெரிந்த கணக்கோடு ஒட்டிப் பார்த்து, "ஓம், அதுதான் இவ்வளவு நிற்குது" என்று விளங்கிக்கொள்வார்.

எது முக்கியம் என்று கேட்காதீர்கள்

முன்னுரிமையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் "எது முக்கியம்?" என்று கேட்டால் ஒவ்வொரு திட்ட உத்தியோகத்தரும் தன் திட்டத்தைச் சொல்வார். அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. கேள்வியை மாற்றுங்கள்: இதை டிசெம்பர் 31 வரை நிறுத்தினால் என்ன நடக்கும்? விடை மூன்று விதமாக வரும். ஆளுக்குக் கேடு வரும், வாய்ப்பு இந்த வருடத்துக்குப் போய்விடும், அல்லது நான்கு மாதம் பிந்தும், அவ்வளவுதான்.

பொதுக் கிணறுகளைப் பாருங்கள். ஆறு கிணறுகள் புனரமைப்பதாக இருந்தது. இரண்டு தோண்டி முடிந்து உட்சுவர் கட்டாமல் கிடக்கின்றன, நான்கு இன்னும் தொடங்கவில்லை. திட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு வேறு விடயங்கள். ஒக்டோபரில் வாடைக்காற்று மழை தொடங்கி நிலத்தடி நீர் ஏறினால், கட்டாத கிணற்றின் பக்கங்கள் சரியும். கட்டுக்கல் இல்லாத வாயோடு திறந்து கிடக்கும் கிணற்றில் பிள்ளையோ மாடோ விழும். அந்த இரண்டையும் முடித்தே ஆக வேண்டும், தலா 3 இலட்சம், மொத்தம் 6. தொடங்காத நான்கும் பிந்தினால் அந்தக் கிராமத்தவர் இப்போது எடுக்கும் இடத்திலேயே இன்னும் சில மாதம் தண்ணீர் எடுப்பார்கள். அது கஷ்டந்தான், ஆனாலும் புதிய ஆபத்து இல்லை. சுற்றறிக்கையில் "கிணறு வேலை குறைக்கப்படும்" என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். இரண்டு கிணற்றின் இடத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான வீட்டுத் தரிசிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்களுக்குப் புண் கட்டுதலும் சிறுநீர்க்குழாய் மாற்றுதலும் நான்கு வாரம் தவறினாலே படுக்கைப்புண் ஆழமாகிவிடும், சிறுநீர்த் தொற்று வரும், ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடக்க வேண்டி வரும். மாதம் 1 இலட்சம், நான்கு மாதத்துக்கு 4. இதில் கை வைக்கவில்லை.

கச்சான் விதை இரண்டாவது வகை. காலபோகத்துக்கு விதை ஒக்டோபர் மழையோடு நிலத்தில் இருக்க வேண்டும். டிசெம்பரில் கொடுத்த விதையைக் குடும்பம் வறுத்துத்தான் சாப்பிடும். ஆகவே விதை விநியோகத்தை "இடைநிறுத்துகிறோம்" என்று எழுதுவது உண்மையல்ல. ஒன்றில் செப்டெம்பருக்குள் கொடுக்க வேண்டும், அல்லது இந்த வருடம் இல்லை என்று சொல்ல வேண்டும். 120 குடும்பத்துக்குத் தலா 5,000 ரூபா என்று 6 இலட்சம் ஒதுக்கியிருந்தோம் என்றால், 60 குடும்பத்துக்கு முழுப் பொதியாகக் கொடுப்பதே சரி. 120 பேருக்கும் பாதிப் பொதி கொடுத்தால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்தான். ஆனால் உழவுக் கூலியும் வேலிக் கம்பியும் பாதியாகாது. பாதி விதைக்காக எவரும் முழு நிலத்தை உழமாட்டார். 60 பேரை எந்த அடிப்படையில் தெரிவு செய்தோம் என்பதையும் (பெண் தலைமைத்துவக் குடும்பம், நிலம் ஏற்கனவே உழுது தயாராக இருப்பது) அதே பந்தியில் எழுதிவிட வேண்டும். ஊரில் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

சாதாரண தர மாணவர்களின் மாலைநேர வகுப்பும் அப்படியே: பரீட்சை நமக்காகப் பிந்தாது. தொண்டர் ஆசிரியர்களின் கொடுப்பனவு 2 இலட்சம். ஆறாம் ஆண்டு முதல் ஒன்பதாம் ஆண்டு வரையான வகுப்புகள் மூன்றாவது வகை. 6, 4, 3, 2 கூட்டினால் 15. மிச்சம் 1 இலட்சம் கையிருப்பு. மழைக்காலத்தில் பாதை உடையும், வள்ளம் பிடிக்க வேண்டி வரும். அந்தப் பணத்தை முன்கூட்டியே எந்தச் செயற்பாட்டுக்கும் எழுதிவிடாதீர்கள்.

நிற்கும் ஒவ்வொன்றுக்கும் நிலை என்ன?

"இடைநிறுத்தம்" என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது சுலபம். கேட்பவருக்கு மனம் நோகாது. ஆனால் அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை 2025 ஆம் ஆண்டு எல்லோரும் பார்த்தார்கள். ஜனவரி 20 ஆம் திகதி அமெரிக்க வெளிநாட்டு உதவிக்கு 90 நாள் இடைநிறுத்தம் என்று உத்தரவு வந்தது. மார்ச்சில் அந்த உதவித் திட்டங்களில் பெரும்பாலானவை அடியோடு நிறுத்தப்பட்டன. அதன் பிறகு "தற்காலிகமாக" என்ற சொல்லைக் கேட்கும் ஊழியர் அதை முடிவாகவே எடுத்துக்கொள்வார், அல்லது வீணாகக் காத்திருப்பார். இரண்டும் தீங்கு.

இடைநிறுத்தம் என்று எழுதினால் கூடவே இரண்டு விடயம் வர வேண்டும்: எது நடந்தால் திரும்பத் தொடங்கும், எந்தத் திகதியில் அதைத் தீர்மானிப்போம். நான்கு கிணறுகளுக்கு: "ஜனவரித் தவணைப் பணம் உறுதியானால் பெப்ரவரியில், நீர்மட்டம் இறங்கிய பிறகு தொடங்கும், டிசெம்பர் 15 இல் தீர்மானிப்போம்." இந்த இரண்டையும் எழுத முடியாவிட்டால் அது இடைநிறுத்தம் அல்ல, கைவிட்டதுதான். தலைமைத்துவப் பயிற்சி முகாமும் சேமிப்புக் குழுக்களின் ஆண்டு ஒன்றுகூடலும் இந்த வருடம் இல்லை. அப்படியே எழுதுங்கள். கைவிட்டதைக் கைவிட்டது என்று சொன்னால்தான் சங்கங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் சின்னதாக ஒன்றைச் செய்ய யோசிக்கும். காத்திருக்கச் சொன்னால் எதையும் செய்ய மாட்டார்கள்.

நிறுத்துவதற்கும் செலவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த முற்பணம், மண்டபத்துக்குக் கட்டிய பணம், வாங்கி இறக்கிய மணலும் சீமெந்தும் இருக்கின்றன. சீமெந்து மழைக்காலத்தில் மூன்று மாதம் சாக்கில் கிடந்தால் கட்டியாகிவிடும். அதை முடிக்கவேண்டிய இரண்டு கிணறுகளுக்கு மாற்றுவதென்று சுற்றறிக்கைக்கு முன்பே தீர்மானித்து, களஞ்சியப் பொறுப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

வேலை பற்றிய பந்தி

எல்லோரும் முதலில் தேடும் பந்தி இதுதான். ஆகவே அதை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைக்கக் கூடாது, தொகையைச் சொன்ன உடனேயே வர வேண்டும். எங்கள் மாதிரியில் டிசெம்பர் 31 வரை எவருடைய ஒப்பந்தமும் மாறாது. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. "எவரும் கவலைப்படத் தேவையில்லை" என்று எழுதாதீர்கள். அது நிர்வாகத்தால் காப்பாற்ற முடியாத வாக்கு. திகதியோடு ஒரு வாக்கும், அடுத்த தகவல் வரும் திகதியும் கொடுங்கள்.

வேலையிலிருந்து நிறுத்த வேண்டிய நிலை வந்தால் அதைச் சுற்றறிக்கையில் முதன்முறையாக ஒருவர் படிக்கக் கூடாது. நேரில், தனியாக, முதலே சொல்ல வேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கும். 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். நிதி இல்லை என்பது இந்த நடைமுறையைத் தாண்டும் காரணம் அல்ல. 16 பேர் உள்ள எங்கள் மாதிரி நிறுவனம் இதற்குள் வரும். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும், அதாவது ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், கணக்கில் வர வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தங்களைப் புதுப்பிக்காமல் விடுவது தனிச் சிக்கல். அதற்கு எழுதும் முன்பே தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

பணம் இறுகும்போது சில இடங்களில் முதலில் தள்ளிப்போடுவது ஊழியர் சேமலாப நிதியைத்தான். நிறுவனம் கட்டும் 12 வீதமும் ஊழியரிடம் கழித்த 8 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் போக வேண்டும், தவறினால் மேலதிகக் கட்டணம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் வேறு. இவை தவறாமல் கட்டப்படும் என்று ஒரு வசனம் எழுதுங்கள். அந்த வசனத்துக்கு எண்களை விடக் கனம் உண்டு.

"நாம்" என்று எழுதுவதா, "நான்" என்று எழுதுவதா?

தமிழில் இது சின்ன விடயம் அல்ல. "தீர்மானிக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் தீர்மானித்தவர் இல்லாமல் போகிறார், கோபம் போவதற்கு இடம் இல்லாமல் எல்லோர் மீதும் படிகிறது. "நாம் தீர்மானித்தோம்" என்றால் கூட்டத்துக்கே வராத சாரதியையும் அந்தத் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்கிறீர்கள். அவருக்கு அது உறுத்தும். "நான் இந்த வரிசையைத் தீர்மானித்தேன், நிர்வாக சபை ஓகஸ்ட் 30 இல் ஏற்றுக்கொண்டது" என்று எழுதினால் கேள்வி கேட்க வேண்டிய ஆள் யார் என்று தெரியும். "நாம்" இனிமேல் செய்யும் வேலையைச் சொல்ல மட்டும் வரட்டும்.

காரணத்தையும் ஒரே தடவை சொன்னால் போதும். நன்கொடையாளர் மீது குறை சொல்லும் பந்தி எழுதினால் அது எப்படியும் அவர்கள் கைக்குப் போகும்.

மாதிரிச் சுற்றறிக்கை

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலானோர் இதைக் கைபேசியில், மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்துவிட்டுப் படிப்பார்கள்.

"அனைத்து ஊழியர்களுக்கும். திகதி: செப்டெம்பர் 1. விடயம்: செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை நிதிக் குறைப்பும் வேலைத்திட்ட மாற்றமும்.

எங்கள் பிரதான நன்கொடையாளர் இந்த ஆண்டின் தொகையில் 15 வீதத்தை, அதாவது 54 இலட்சம் ரூபாவைக் குறைத்துள்ளார். எட்டு மாதம் முடிந்துவிட்டதால், மிஞ்சிய நான்கு மாதங்களுக்கு இது 45 வீதக் குறைப்பு. கிராமங்களில் செலவிட 68 இலட்சம் இருந்தது, இனி 16 இலட்சம்.

டிசெம்பர் 31 வரை எவருடைய வேலையும் சம்பளமும் மாறாது. சேமலாப நிதி, நம்பிக்கை நிதியப் பங்களிப்புகள் உரிய நாளில் கட்டப்படும். ஜனவரிக்குப் பிந்திய நிலை எனக்கு இன்னும் தெரியாது. ஒக்டோபர் 15 இல் தெரிந்த அளவைச் சொல்வேன், புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் சொல்வேன்.

தொடர்பவை: தருமபுரம், வட்டக்கச்சிக் கிணறுகள் இரண்டும் செப்டெம்பர் 30 க்குள் முடிக்கப்படும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் வீட்டுத் தரிசிப்பு மாற்றமின்றி நடக்கும். கச்சான் விதை 60 குடும்பங்களுக்குச் செப்டெம்பர் 25 க்கு முன் கொடுக்கப்படும். பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் நிலம் தயாராக உள்ளோருக்கு முதலிடம். சாதாரண தர வகுப்புகள் நடக்கும்.

இடைநிறுத்தப்படுபவை: தொடங்காத நான்கு கிணறுகளும், ஆறாம் ஆண்டு முதல் ஒன்பதாம் ஆண்டு வரையான மாலைநேர வகுப்புகளும். ஜனவரித் தவணை உறுதியானால் மட்டும் மீண்டும் தொடங்கும். டிசெம்பர் 15 இல் தீர்மானிப்போம்.

இந்த ஆண்டு நடைபெறாதவை: தலைமைத்துவப் பயிற்சி முகாம், சேமிப்புக் குழுக்களின் ஆண்டு ஒன்றுகூடல், மிகுதி 60 குடும்பங்களுக்கான விதை. இரண்டாவது வான் செப்டெம்பர் 1 முதல் இல்லை. களப் பயணங்களை முதல்நாள் நான்கு மணிக்குள் நிர்வாக உத்தியோகத்தரிடம் பதியவும்.

இந்த வரிசையை நான் தீர்மானித்தேன், நிர்வாக சபை ஓகஸ்ட் 30 இல் ஏற்றுக்கொண்டது. கேள்விகளை என்னிடம் நேரில் கேளுங்கள். வியாழன் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை அலுவலகத்தில் இருப்பேன். பணிப்பாளர்."

அனுப்பும் ஒழுங்கு

ஒரே நாளில் முடியுங்கள். காலை எட்டரைக்குத் திட்ட உத்தியோகத்தர்கள், ஒன்பதரைக்கு சாரதி, காவலாளி, சுத்திகரிப்பாளர் உட்பட எல்லோருக்கும் கூட்டம். வாசித்து முடித்த பிறகுதான் குழுவில் போடுங்கள். மாலைநேர வகுப்பு நிற்கும் தொண்டர் ஆசிரியர்கள் சுற்றறிக்கைப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அன்று பிற்பகலே திட்ட உத்தியோகத்தர் தொலைபேசியில் சொல்ல வேண்டும், பிள்ளைகள் வாயால் அவர்கள் கேட்கக் கூடாது. ஒப்பந்தக்காரருக்குக் கடிதம், பிரதேச செயலகங்களுக்கு மாற்றிய வேலைத்திட்டம், அடுத்த நாள்.

களத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வசனம் சொல்லிக் கொடுங்கள். விதை கிடைக்காத குடும்பத்திடம்: "அம்மா, இந்தக் காலபோகத்துக்கு எங்களிட்ட விதை இல்லை. கமநல சேவை நிலையத்தில இப்பவே கேட்டுப் பாருங்கோ, மழைக்கு இன்னும் நாள் இருக்கு." கிணறு பிந்தும் ஊரில்: "தை மாசம் காசு வந்தால் மாசியில தொடங்குவம். வருமா வராதா எண்டு மார்கழி நடுவில வந்து சொல்லுவம்." இதற்கு மேல் ஒருவரும் ஆறுதலுக்காக எதையும் சேர்க்கக் கூடாது. "பாப்பம், எப்படியும் செய்வம்" என்று ஒருவர் வாய் தவறிச் சொன்னாலும் மற்ற மூன்று பிரிவுகளிலும் அதே வாக்கைக் கேட்பார்கள்.

விளங்கியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு வாரம் கழித்து ஏதாவது இரண்டு ஊழியர்களிடம் "எந்தக் கிணறுகள் முடியும், எவை நிற்கும், ஏன்?" என்று கேளுங்கள். இடத்தின் பெயரும் மழையும் பதிலில் வந்தால் சரி. "காசு இல்லையாம்" என்று மட்டும் வந்தால், அந்தப் பந்தியைத் திருத்தித் திரும்ப அனுப்புங்கள். ஒக்டோபர் 15 ஆம் திகதிக் குறிப்பை இப்போதே நாட்காட்டியில் எழுதி, அந்த நாளில் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் "நிலைமை மாறவில்லை, 66 இலட்சத்தில் இவ்வளவு செலவாகியிருக்கிறது, அடுத்த தகவல் டிசெம்பர் 15" என்று மூன்று வரி போடுங்கள்.